டீம்ஸில் காணாமற்போன பழைய உரையாடல்: எதைத் திரும்ப எடுக்கலாம், யாரிடம் கேட்க வேண்டும்

அலுவலக டீம்ஸில் ஆறேழு மாதத்துக்கு முந்தைய உரையாடலைத் தேடிப்போய், அது இல்லை என்று கண்டால், பெரும்பாலானோர் உடனே ஐ.டி. பிரிவுக்குப் போன் எடுத்து "என் சாட்டைத் திரும்பப் போட்டுத் தாருங்கள்" என்கிறார்கள். முடியாது என்று ஒரே வரியில் பதில் வரும். அதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. கேட்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பதில் மாறலாம்: செய்தியை அகற்றியது யார்? நீங்களா, அனுப்பியவரா, அல்லது நிறுவனம் வைத்திருக்கும் தக்கவைப்புக் கொள்கையா? இந்த மூன்றுக்கும் வழி வேறு, கால எல்லை வேறு.

கொழும்பில் நிறைய நிறுவனங்களில் மைக்ரோசொப்ட் 365 இருப்பதால் இங்கே டீம்ஸையே எடுத்துக்கொள்கிறோம். வேறு கருவிகளைப் பற்றிக் கடைசியில் சுருக்கமாக.

முதலில் திரையைப் படியுங்கள்

உரையாடல் முழுவதுமே பட்டியலில் இல்லையென்றால், அது மறைக்கப்பட்டிருக்கவே சாத்தியம் அதிகம். மறைத்த உரையாடல் அழிவதில்லை. மேலே உள்ள தேடல் பெட்டியில் அந்த நபரின் பெயரைத் தட்டச்சு செய்து திறந்தால், பழைய செய்திகளோடு அப்படியே வரும். குழு உரையாடலிலிருந்து விலகியவருக்கும், விலகிய நாள் வரைக்குமான செய்திகள் தெரியும். அதற்குப் பிறகு நடந்தவை மட்டும் தெரியாது.

மறைப்பதற்குப் பக்கத்திலேயே இருக்கும் `Delete chat` வேறு விஷயம். அது உங்கள் பக்கத்தில் மட்டும் அழிக்கும். மற்றவரிடம் உரையாடல் முழுதாக இருக்கும். அதே நபருக்குப் புதிதாக எழுதினாலும் உங்களுக்குப் பழையவை வராது. இந்த இடத்தில் ஐ.டி. பிரிவைத் தேட வேண்டிய தேவையே இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவரிடம், அந்தத் தேதிக்குரிய செய்தியை உங்களுக்கு முன்னனுப்பச் சொன்னால் போதும்.

உரையாடல் இருக்கிறது, ஒரு குறிப்பிட்ட செய்தி மட்டும் இல்லை, அந்த இடத்தில் `This message has been deleted` என்று இருக்கிறது என்றால், அதை ஒரு மனிதர் அழித்திருக்கிறார். அழித்தது நீங்கள் என்றால் பக்கத்தில் `Undo` தெரியும். அழுத்தினால் செய்தி திரும்பி வரும். அடுத்தவர் அழித்ததை உங்களால் அப்படி மீட்க முடியாது.

மூன்றாவது அடையாளம்தான் கசப்பானது. உரையாடலை மேலே உருட்டிக்கொண்டு போகையில் ஒரு கட்டத்தில் `We've deleted older messages due to your org's retention policy` என்ற வரி வந்து நிற்கும். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. இது நிர்வாகி அமைத்த கொள்கை செய்த வேலை. இங்கே `Undo` கிடையாது.

கொள்கை எப்படி வேலை செய்கிறது

நிறுவனம் எதையும் அமைக்காவிட்டால் டீம்ஸ் செய்திகள் கால எல்லையின்றி இருக்கும். நிர்வாகி மைக்ரோசொப்ட் பர்வியூ என்ற நிர்வாகத் தளத்தில் தக்கவைப்புக் கொள்கை ஒன்றை அமைத்தால் மூன்றில் ஒன்று நடக்கும்: குறித்த காலம் வரை வைத்திரு, குறித்த காலம் கடந்ததும் அழி, குறித்த காலம் வைத்திருந்துவிட்டு அழி. தனி உரையாடல்களுக்கும் சனல்களுக்கும் தனித்தனியாகக் காலம் வைக்கலாம். அதனால்தான் தனி உரையாடலில் இல்லாத மார்ச் மாதத்துச் செய்தி, அதே ஆட்கள் இருக்கும் சனலில் பத்திரமாக இருக்கிறது. சிலருக்கு மட்டும், சில பிரிவுகளுக்கு மட்டும் என்றும் கொள்கையை வைக்கலாம். பக்கத்து மேசைக்காரருக்கு இருப்பது உங்களுக்கு இல்லையென்றால் அது கோளாறாக இருக்க வேண்டியதில்லை.

"வைத்திரு" என்பதைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். உங்கள் திரையில் வைத்திருப்பது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு செய்தியின் பிரதியும், அந்த உரையாடலில் இருப்பவர்களின் மின்னஞ்சல் பெட்டிக்குள் மறைவான கோப்புறை ஒன்றில் சேர்கிறது. அவுட்லுக்கில் எவ்வளவு துழாவினாலும் அது கண்ணுக்குத் தெரியாது. யாராவது செய்தியை அழித்தால் திரையிலிருந்து உடனே போகும். ஆனால் "வைத்திரு" கொள்கை இருந்தால் மறைவான பிரதி `SubstrateHolds` என்ற வேறொரு கோப்புறைக்கு நகர்ந்து, காலம் முடியும்வரை அங்கே கிடக்கும். திருத்திய செய்தியின் பழைய வடிவமும் அப்படித்தான். உங்களால் அதைத் திறக்க முடியாது. உரிய அனுமதி உள்ள நிர்வாகி தேடி எடுக்கலாம். அனுப்பியதை அழித்துவிட்டால் தடயமே இல்லை என்று நினைப்பவர்கள் இதை இன்னொரு முறை வாசிப்பது நல்லது.

"அழி" கொள்கையில் நடப்பது இதற்கு நேர்மாறு. காலம் முடிந்ததும் செய்தி அந்தக் கணத்திலேயே போவதில்லை. கணினியில் அவ்வப்போது ஓடும் வேலை ஒன்று, வழக்கமாக 1 முதல் 7 நாட்களுக்குள், காலாவதியானதை `SubstrateHolds` கோப்புறைக்கு நகர்த்தும். அங்கே குறைந்தது ஒரு நாள் இருக்கும். அடுத்த முறை அந்த வேலை ஓடும்போது, மீண்டும் 1 முதல் 7 நாட்களுக்குள், நிரந்தரமாக நீங்கும். அதன் பிறகுதான் உங்கள் திரைக்கும் "எடுத்துவிடு" என்ற கட்டளை வருகிறது. ஆக, கொள்கைப்படி அழிந்த செய்தி உங்கள் திரையிலிருந்து மறையும்போது, நிர்வாகியின் பக்கத்திலும் அது ஏற்கெனவே போய்விட்டது. ஐ.டி. பிரிவு முடியாது என்று சொல்வது சோம்பலால் அல்ல.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரே செய்திக்கு இரண்டு கொள்கைகள் பொருந்தினால் "வைத்திரு" என்பதே "அழி" என்பதை வெல்லும். இரண்டு "வைத்திரு" காலங்கள் இருந்தால் நீண்டது வெல்லும். வழக்கு, உள்ளக விசாரணை போன்ற காரணத்துக்காக ஒருவரின் பெட்டி சட்டத் தடுப்பில் வைக்கப்பட்டிருந்தாலும் பிரதி நிற்கும். அதனால் ஐ.டி. பிரிவிடம் "அழிந்துவிட்டதா?" என்று கேட்பதைவிட, "எனக்கோ அவருக்கோ வேறு தக்கவைப்புக் கொள்கையோ தடுப்போ இருக்கிறதா?" என்று கேட்பதே பயன்தரும்.

ஏன் இவ்வளவு குறுகிய காலம் வைக்கிறார்கள் என்று எரிச்சல் வரலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தரவைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்கிறது. சாட்டில் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் எவ்வளவு சாதாரணமாகப் பறக்கின்றன என்று பார்த்தால் நிர்வாகியின் பக்கமும் புரியும்.

ஒரு சம்பவத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்

கோட்டையில் உள்ள கப்பற்சரக்கு முகவர் நிறுவனம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதிப் பிரிவு ஊழியர் ஒருவர், வாடிக்கையாளரின் கொள்கலனுக்கு வந்த டெமரேஜ் என்ற தாமதக் கட்டணத்தை நிறுவனமே ஏற்றுக்கொள்ளலாமா என்று மார்ச் 12 அன்று முகாமையாளரிடம் டீம்ஸில் கேட்டார். "சரி, கட்டிவிடுங்கள்" என்று முகாமையாளர் பதில் எழுதினார். கணக்கு விவரத்துடன் ஓர் எக்செல் கோப்பையும் இணைத்தார். அன்று மாலை இதைப் பற்றி முகாமையாளர் கூட்டிய டீம்ஸ் கூட்டம் ஒன்று ஒலி-ஒளிப் பதிவும் செய்யப்பட்டது. ஒக்டோபர் 6 அன்று கணக்காய்வாளர் வந்து, அனுமதி எங்கே என்கிறார். நிறுவனத்தின் கொள்கை: தனி உரையாடல்கள் 180 நாட்களில் அழியும்.

மார்ச் 12இலிருந்து 180 நாள் என்றால் செப்டெம்பர் 8. மேலே சொன்ன இரண்டு சுற்றுகளையும் கூட்டினால், மிகத் தாமதமாக ஆனாலும் செப்டெம்பர் 23ஐ ஒட்டி அந்தச் செய்தி நிரந்தரமாகப் போயிருக்கும். ஒக்டோபர் 6 அன்று "சரி, கட்டிவிடுங்கள்" என்ற வரி டீம்ஸில் இல்லை. முகாமையாளருக்கு வேறு கொள்கை இல்லையென்றால் பர்வியூவிலும் இல்லை. அதைத் தேடுவதில் நேரம் போக்காமல், கொள்கை தொடாத மற்ற இடங்களுக்குப் போவதுதான் புத்தி.

முதல் இடம் கோப்பு. டீம்ஸ் உரையாடலுக்கான கொள்கை, அதில் இணைத்த கோப்பைத் தொடுவதில்லை. தனி உரையாடலில் இணைத்த கோப்பு, மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பிடமான வன்டிரைவில், அனுப்பியவரின் கணக்கில், `Microsoft Teams Chat Files` என்ற கோப்புறையில் இருக்கும். சனலில் இட்டதென்றால் அந்தக் குழுவின் ஷெயார்பொயின்ட் தளத்தில் இருக்கும். செய்தி போனாலும் கோப்பு நிற்கும். உங்களுக்குத் தந்த அணுகல் அனுமதியும் பொதுவாக நிற்கும். வன்டிரைவைத் திறந்து `Shared` பகுதியில் கோப்பின் பெயரைத் தேடுங்கள். கிடைத்தால் `Version history` பாருங்கள்: யார், எந்த நாளில், எத்தனை மணிக்குச் சேமித்தார் என்று இருக்கும். முகாமையாளர் கோப்பை அழித்திருந்தால்கூட மறுசுழற்சித் தொட்டியில் மொத்தம் 93 நாட்கள் இருக்கும். அதை அவர்தான் மீட்க வேண்டும்.

இரண்டாவது இடம் கூட்டப் பதிவு. இங்கே கால எல்லை இன்னும் குறுகியது, ஆனால் இன்னொரு கதவு உண்டு. நிர்வாகி மாற்றாவிட்டால் பதிவு 120 நாட்களில் காலாவதியாகும். மார்ச் 12இலிருந்து கணக்கிட்டால் ஜூலை 10. காலாவதியான பதிவு, கூட்டத்தை ஏற்பாடு செய்தவரின் வன்டிரைவ் மறுசுழற்சித் தொட்டிக்குப் போய் 90 நாட்கள் வரை இருக்கும். அதாவது ஒக்டோபர் 8. கணக்காய்வாளர் கேட்டது 6ஆம் திகதி. இரண்டே நாள் இடைவெளி. ஆகவே இந்தச் சம்பவத்தில் முதலில் செய்ய வேண்டிய வேலை ஐ.டி. பிரிவுக்கு எழுதுவது அல்ல. முகாமையாளரிடம் போய் அவருடைய வன்டிரைவ் தொட்டியைத் திறந்து, கூட்டத்தின் பெயரும் தேதியும் உள்ள எம்பி4 கோப்பை `Restore` செய்யச் சொல்வதுதான்.

மூன்றாவது இடம் பலர் மறந்துபோவது: அவுட்லுக். டீம்ஸைத் திறக்காமல் இருந்த நேரத்தில் செய்தி வந்தால், தவறவிட்ட செய்தி என்று மின்னஞ்சல் ஒன்று வரும். அதில் செய்தியின் வரிகளும் இருக்கும். மின்னஞ்சலுக்கான தக்கவைப்புக் கொள்கை வேறு என்பதால், உரையாடல் அழிந்த பிறகும் அந்த மின்னஞ்சல் இருக்கலாம். அவுட்லுக்கில் முகாமையாளரின் பெயரையும் `Teams` என்ற சொல்லையும் சேர்த்து மார்ச் 12, 13 ஆகிய தேதிகளுக்குத் தேடுங்கள். இந்த அறிவிப்பை முடக்கி வைத்தவர்களுக்கு இது கிடைக்காது. கூட்ட அழைப்பிதழும் நாட்காட்டியில் இருக்கும். அனுமதிக்கு அது சான்று அல்ல, ஆனால் பேச்சு நடந்த நாளையும் வந்தவர்களையும் காட்டும்.

இவை எல்லாம் சேர்ந்தும் போதாவிட்டால், முகாமையாளரிடம் இன்றைய தேதியில் மின்னஞ்சல் கேளுங்கள்: மார்ச் 12 அன்று இன்ன கொள்கலனுக்கு இன்ன தொகைக்கு அனுமதி தந்தேன் என்று. பின்தேதியிட்டு எதையும் தயாரிக்க வேண்டாம். கொள்கைப்படி மூலச் செய்தி அழிந்தது, ஆகவே இது பின்னர் எழுதிய உறுதிப்படுத்தல் என்று வெளிப்படையாகச் சொல்வதைக் கணக்காய்வாளர் ஏற்றுக்கொள்ள வாய்ப்புண்டு. ஜோடித்த ஆவணம் என்று சந்தேகம் வந்தால் உங்கள் நிலைமை இன்னும் மோசமாகும்.

நிர்வாகியிடம் கேட்கும் முறை

"அழி" காலம் இன்னும் முடியவில்லை, ஆனால் யாரோ கையால் அழித்திருக்கிறார், அல்லது நீங்களே உங்கள் பக்கத்தில் அழித்துவிட்டீர்கள் என்றால் நிர்வாகியால் எடுக்க முடியலாம். அந்தத் தேடலுக்கு மின்-கண்டறிதல் என்ற தனி அனுமதி வேண்டும். முழு நிர்வாகி அதிகாரம் உள்ளவருக்குக்கூட அது தானாக வருவதில்லை. கடவுச்சொல் மாற்றித் தரும் உதவி மேசை இளைஞருக்கு நிச்சயமாக இருக்காது. ஆகவே உதவி மேசையில் "இல்லை" என்றால் அதுவே கடைசி வார்த்தை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் உங்கள் முகாமையாளர், மனிதவளப் பிரிவு அல்லது சட்டப் பிரிவு வழியாக எழுத்தில் போக வேண்டும். இன்னொருவரின் பேச்சைத் திறந்து பார்க்கும் வேலை என்பதால் இந்தத் தடை இருப்பது நியாயமே.

கோரிக்கையில் நான்கு விஷயங்கள் இருந்தால் போதும். உரையாடலில் இருந்த ஒவ்வொருவரின் அலுவலக மின்னஞ்சல் முகவரி; தனி உரையாடலா, குழுவா, சனலா என்பது; செய்தியில் இருந்த தனித்துவமான ஒரு சொல், உதாரணமாகக் கொள்கலன் இலக்கம்; தேதியும் நேரமும். "டெமரேஜ்" போன்ற பொதுச் சொல்லைத் தந்தால் ஆயிரம் வரி வரும், யாரும் படிக்கமாட்டார்கள். தமிழில் பேசியதைப் பலர் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்வதால், `kattunga`, `kaddunga` என்று எழுத்து ஆளுக்கு ஆள் மாறும். அந்தச் சொற்களை நம்ப வேண்டாம், இலக்கத்தை நம்புங்கள்.

நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. தேடல் கருவிகள் பெரும்பாலும் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் வேலை செய்யும். கொழும்பு நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. கப்பல் வரும் இரவில் 13ஆம் திகதி அதிகாலை 12.40க்கு எழுதிய செய்தி, அங்கே 12ஆம் திகதி மாலை 7.10 என்று பதிவாகும். நீங்கள் 13 என்று மட்டும் எழுதினால், நிர்வாகி 13ஐ மட்டும் தேடி, இல்லை என்று பதில் தருவார். "கொழும்பு நேரம்" என்று எழுதி, முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துக் கேளுங்கள்.

கிடைத்தாலும் செய்தி உங்கள் டீம்ஸ் திரைக்குத் திரும்பி வராது. அப்படி மீட்கும் வசதி இல்லை. ஏற்றுமதி செய்த கோப்பாகத்தான் வரும், அதுவும் நிறுவனம் தர ஒப்புக்கொண்டால். சனல் முழுவதுமாக அழிக்கப்பட்டிருந்தால் நிலைமை எளிது. குழு உரிமையாளர் குழு நிர்வாகப் பக்கத்தில் `Channels` என்பதன் கீழ் அழித்தவற்றைத் திறந்து 30 நாட்களுக்குள் `Restore` கொடுக்கலாம். குழுவே அழிந்திருந்தாலும் அதே 30 நாட்கள்தான். ஆனால் அதை வழக்கமாக நிர்வாகி செய்வார்.

இனி வரும் செய்திகளுக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஐ.டி. பிரிவிடம் மூன்று எண்களைக் கேட்டு எழுதிவையுங்கள்: தனி உரையாடல் எத்தனை நாள், சனல் எத்தனை நாள், கூட்டப் பதிவு எத்தனை நாள். பணம், விலை, விடுமுறை, பொறுப்பு மாற்றம் பற்றி உரையாடலில் அனுமதி வந்தால், செய்தியின் மூன்று புள்ளி மெனுவில் `Share to Outlook` கொடுத்து மின்னஞ்சலாக்குங்கள்; அல்லது "இன்று டீம்ஸில் சொன்னபடி" என்று தொடங்கி இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். செய்தியை டீம்ஸுக்குள்ளேயே சேமித்து வைப்பது காப்பு ஆகாது. அது வெறும் குறியீடு. செய்தி போனால் குறியீடு வெறுமையைத்தான் காட்டும்.

திரைப்பிடிப்பு எடுத்து உங்கள் சொந்த வாட்ஸ்அப்புக்கோ ஜிமெயிலுக்கோ அனுப்புவது வேறு சிக்கலைக் கொண்டுவரும். வாடிக்கையாளர் தகவலை வெளியே கொண்டுபோனதாக ஒழுக்காற்று விசாரணை வரலாம். நிறுவனத்தின் வன்டிரைவுக்குள்ளேயே வையுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் மின்னணுப் பதிவுகளை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் தகராறு வந்தால், நிறுவனக் கணினியில் தலைப்பும் நேரமும் உள்ள மின்னஞ்சல், செதுக்கிய படத்தைவிட வலுவாக நிற்கும்.

வேலையை விட்டுப் போவதாக இருந்தால் இவற்றைக் கடைசி வேலைநாளுக்கு முன்பே முடியுங்கள். கணக்கு முடக்கப்பட்ட கணத்தில் டீம்ஸும் வன்டிரைவும் சேர்ந்து பூட்டப்படும். கணக்கை அழித்தால், நிர்வாகி வேறு காலம் வைக்காதவரை, வன்டிரைவ் 30 நாட்களில் போய்விடும். நீங்கள் உரையாடலில் இணைத்த கோப்புகளை மற்றவர்கள் அதிலிருந்தே திறக்கிறார்கள் என்பதால், கையளிப்புக் கோப்புகளைக் குழுவின் சனலுக்கு நகர்த்திவிட்டுப் போவது அவர்களுக்கும் உதவும். விலகப்போகும் முகாமையாளரிடமிருந்து உங்களுக்கு வேண்டியவற்றையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் அலுவலகம் ஸ்லாக் பயன்படுத்தினால், கொள்கைப்படி அழிந்தது அங்கும் திரும்பாது. இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் மட்டுமே தெரியும். ஓராண்டுக்கு மேற்பட்டவை நிரந்தரமாக அழிக்கப்படுகின்றன. கூகுள் சாட்டில் உரையாடலின் வரலாறு முடக்கப்பட்டிருந்தால் செய்திகள் 24 மணி நேரத்தில் போகும். அனுமதி கேட்கும் முன் அந்த அமைப்பைப் பாருங்கள். கொழும்பில் பாதி முடிவுகள் நடக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கோ நிறுவனக் கொள்கை எதுவும் பொருந்தாது. மறையும் செய்திகள் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என எதில் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் குழுத் தகவல் பக்கத்தில் பார்க்கலாம். அங்கே அழிந்ததை எடுத்துத் தர நிர்வாகி என்று யாரும் இல்லை.